மூன்று டபிள்யூவை எடுத்த மறுநாள்

ஒரே வீட்டுக்கு இரண்டு முகவரி இருந்தால் அவளுக்கு ஆகாது. கல்யாணத்துக்கு முன்பு கூரியர் அலுவலகத்தில் பார்சல் பிரிக்கும் மேசையில் வேலை பார்த்தாளே, அங்கே ஒட்டிக்கொண்ட குணம். ஒரே குடும்பத்தில் அப்பா பழைய கதவு எண்ணைக் கொடுத்திருப்பார், மகன் புதிய எண்ணைக் கொடுத்திருப்பான். ஒரு பார்சல் சரியாகப் போய்ச் சேரும், இன்னொன்று தெருத்தெருவாக அலைந்துவிட்டுத் திரும்பி வரும். அப்படி வருவதையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, போன் போட்டுக் கேட்டு, ஒரு வீட்டுக்கு ஒரே முகவரி என்று திருத்தி வைக்காமல் அவள் அன்றைக்கு வீட்டுக்குக் கிளம்ப மாட்டாள். அந்த அலுவலகத்துக்கு ஒரு வலைத்தளம் வேண்டும் என்று முதலாளி சொன்னபோது, செய்யத் தெரிந்தவர் யாரும் இல்லாததால், இவளே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டு செய்தாள். வாழ்க்கை அந்தப் பக்கம் திரும்பியது.

இப்போது வீட்டு மாடியறையில் ஒரு மேசை, ஒரு கணினி, ஓயாமல் கிறீச்சிடும் ஒரு மின்விசிறி. கணவர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர். ஊரார் வீட்டு விசிறியெல்லாம் அவர் கைபட்டுச் சத்தமின்றிச் சுற்றும். சொந்த வீட்டு விசிறிக்கு மட்டும் அவருக்கு நேரம் கிடையாது. பள்ளிக்கூடம் ஒன்று, மரக்கடை ஒன்று, பல் மருத்துவர் ஒருவர் என்று சில தளங்களை அவள் பார்த்துக்கொண்டாள். அவற்றில் முக்கியமானது மூன்று தெரு தள்ளி இருந்த டயாலிசிஸ் நிலையம். சிறுநீரகம் வேலை செய்யாதவர்கள் வாரம் மூன்று முறை வந்து நாற்காலியில் சாய்ந்து, இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகிற இடம். அதன் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தது அவளுடைய நாத்தனார். அந்தத் தளத்து வேலையை இவளுக்கு வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். அதை மாதத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிக் காட்டுகிறவளும் அவள்தான்.

அந்த நிலையத்தின் தளத்தில் ஒரு படிவம் இருந்தது. வீட்டில் இருக்கும் நோயாளி அன்றைய எடை, காலில் வீக்கம் உண்டா, மூச்சு வாங்குகிறதா என்று நிரப்பி அனுப்ப வேண்டும். அனுப்பியது தலைமை நர்ஸின் திரையிலும் வரவேற்பு மேசைத் திரையிலும் வந்து விழும். யாருக்காவது நீர் அதிகம் கோத்திருப்பதாகத் தெரிந்தால் நர்ஸ் உடனே கூப்பிட்டு, அவருடைய முறையை முன்னால் தள்ளிக் கொடுப்பார். தொலைபேசி எப்போதும் வேறு யாருடனாவது பேசிக்கொண்டே இருக்கும் என்பதால் நோயாளிகள் அந்தப் படிவத்தைத்தான் நம்பினார்கள்.

சங்கடம் எங்கே வந்தது என்றால், அந்தத் தளம் இரண்டு பெயரில் திறந்தது. முன்னால் மூன்று டபிள்யூ போட்டாலும் திறக்கும், போடாவிட்டாலும் திறக்கும். மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். தேடுபொறிக்கு அப்படி இல்லை; அதைப் பொறுத்தவரை இவை இரண்டு இடங்கள். ஒரே பக்கம் இரண்டு முகவரியில் இருந்தால் எதைக் காட்டுவது என்று அது தானே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். சில நேரம் இதை, சில நேரம் அதை. நிலையத்தின் பெயரைத் தேடினால் ஒரு முடிவில் புதிய நேரமும், இன்னொன்றில் எப்போதோ மாற்றப்பட்ட பழைய நேரமும் வந்தன. நோயாளிகளுக்கும் குழப்பம். ஒரு முகவரியில் உள்ளே நுழைந்தவர், மறுநாள் மற்ற முகவரியில் வந்தால் பிரவுசர் அவரை அடையாளம் காணாது. மறுபடி கடவுச்சொல் கேட்கும்.

"என்னம்மா, ரெண்டு கடை நடத்துறோமா நாம?" என்று நிலையத்தை நடத்தும் டாக்டர் கேட்டார். அவர் கேட்காமலே அவளுக்கு அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

எந்த முகவரியை வைத்துக்கொள்வது என்பதில் ஒரு சின்ன வாக்குவாதம். ஆம்புலன்ஸின் பக்கவாட்டிலும் நோயாளி அட்டையிலும் மூன்று டபிள்யூவோடுதான் அச்சிட்டிருந்தது. அதைத்தான் வைக்க வேண்டும் என்றாள் நாத்தனார். குறுஞ்செய்தியில் போகிற முகவரி டபிள்யூ இல்லாதது, வயதானவர்களுக்குத் தட்டச்சுச் செய்யவும் அதுதான் சுலபம் என்றாள் இவள். எதை வைத்தாலும் சரிதான், ஒன்றை மட்டும் வைக்க வேண்டும். மற்றதில் வருகிறவரை அப்படியே கைப்பிடித்து இங்கே கொண்டுவந்து விட வேண்டும். ஆகவே அட்டையை மாற்றி அச்சடிக்க வேண்டியதில்லை என்று விளக்கினாள். "அப்போ டபிள்யூ போட்டு வர்றவங்கள வாசல்ல நிக்க வச்சுத் திருப்பி அனுப்பப் போற. மருமகளா வந்த வீட்டுலயே உனக்கு அந்தப் பழக்கம் உண்டு" என்றாள் நாத்தனார். டாக்டர் சிரித்தபடி சின்ன முகவரிக்கே சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நாற்காலிகள் காலியாக இருக்கும் நேரத்தில், அவள் வேலையைச் செய்தாள். அவசரப்படவில்லை. முதலில் பாதுகாப்புச் சான்றிதழில் இரண்டு பெயரும் இருக்கிறதா என்று பார்த்தாள். டபிள்யூ பெயர் அதில் இல்லாவிட்டால், திருப்பிவிடும் கட்டளை வருவதற்கு முன்பே பிரவுசர் 'இந்தத் தளம் பாதுகாப்பற்றது' என்று பயமுறுத்திவிடும். இரண்டும் இருந்தன. பிறகு சர்வரில், டபிள்யூ பெயரில் எது கேட்டு வந்தாலும் அதே பக்கத்தை டபிள்யூ இல்லாத முகவரியில் போய்க் கேட்கச் சொல்லும் விதியை எழுதினாள். தற்காலிகமாக அல்ல, நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று சொல்லும் 301 என்ற எண்ணோடு. அப்படிச் சொன்னால்தான் தேடுபொறி பழைய முகவரி சம்பாதித்த மதிப்பைப் புதியதன் கணக்கில் சேர்க்கும். பக்கங்களுக்குள் 'எங்கள் முகவரி இதுதான்' என்று தேடுபொறிக்குச் சொல்லும் வரியையும், தளத்தின் பக்கப் பட்டியலையும் அதே முகவரிக்கு மாற்றினாள்.

சோதித்துப் பார்த்தாள். பக்கத்தில் பூட்டுச் சின்னம் தெரியும் பாதுகாப்பான முகவரி, பூட்டில்லாத பழைய வகை முகவரி, டபிள்யூவோடு, டபிள்யூ இல்லாமல். முதல் பக்கம், உள்பக்கங்கள், கேள்விக்குறிக்குப் பின்னால் வால் நீண்ட இணைப்புகள். எல்லாம் ஒரே ஒரு திருப்பத்தில் ஒரே இடத்துக்கு வந்து நின்றன. படிவப் பக்கமும் அழகாகத் திறந்தது. அதை நிரப்பி அனுப்பிப் பார்க்கவில்லை.

அதற்கு ஒரு காரணம் உண்டு. வேலைக்கு வந்த புதிதில் ஒருமுறை அவள் சோதனைக்காகப் படிவத்தை நிரப்பி, பெயர் இடத்தில் 'சோதனை' என்றும், மூச்சு வாங்குகிறதா என்பதற்கு 'ஆம், அதிகமாக' என்றும் போட்டு அனுப்பிவிட்டாள். தலைமை நர்ஸ் ஒரு நாற்காலியைக் காலி செய்து, ஆம்புலன்ஸைத் தயாராக நிறுத்தி, அந்தப் பெயருள்ள நோயாளியை அட்டை அட்டையாகத் தேடியிருக்கிறார். விஷயம் தெரிந்ததும் அவர் போட்ட போடு இன்னும் காதில் இருந்தது. இங்கே விளையாட்டுக்குக்கூட யாரும் பொய்ப் படிவம் அனுப்பக் கூடாது என்பது அன்றிலிருந்து சட்டம். சோதித்துப் பார்க்க மாற்று வழி ஒன்றை அவளும் கேட்கவில்லை, அவர்களும் யோசிக்கவில்லை. வருஷக்கணக்கில் அந்தப் படிவத்தை யாரும் தொட வேண்டிய தேவை வரவில்லை.

மறுநாள் முற்பகலில் நாத்தனார் போனில் கூப்பிட்டாள். குரலில் உற்சாகம். டாக்டருக்கு ரொம்பத் திருப்தி, தளம் வெண்ணெய் மாதிரி வழுக்குகிறது, திறந்து பார்த்துவிட்டுப் பாராட்டினார் என்றெல்லாம் சொன்னாள். பாராட்டைக் கேட்டுப் பழகாத இவளுக்குக் கூச்சமாக இருந்தது. போனை வைக்கப் போகும் நேரத்தில் நாத்தனார் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"உன் கை ராசி அண்ணி, இன்னைக்கு ஒருத்தருக்கும் வீக்கம் இல்ல, மூச்சு வாங்கல. சிஸ்டர் சொல்றாங்க, உப்பைக் குறைங்கனு கத்துனது இப்பத்தான் காதுல ஏறிச்சு போலனு."

"ஒண்ணுகூட வரலையா?"

"ஒண்ணுகூட. திரை காலியா இருக்கு. நிம்மதியா டீ குடிக்கிறாங்க."

அவள் போனைக் காதில் வைத்தபடியே நின்றாள். திங்கட்கிழமை. அந்தத் தளத்தின் ஏற்ற இறக்கம் அவளுக்கு மனப்பாடம். வார இறுதியை ஒட்டி இரண்டு நாள் இடைவெளி விழுவதால் வாரத்தில் மிக மோசமான நாள் திங்கள்தான். செவ்வாய்க்கிழமை முறைக்காரர்கள் சனிக்கிழமைக்குப் பிறகு உடம்பில் சேர்ந்த நீரைச் சுமந்துகொண்டு திங்களன்று உட்கார்ந்திருப்பார்கள். காலையிலேயே படிவம் மேல் படிவமாக வந்து விழும். ஒருவருமே அனுப்பாத திங்கட்கிழமை என்று ஒன்று இருந்ததே இல்லை.

"போனை வைக்காத. திரையையே பாத்துக்கிட்டு இரு" என்றாள்.

தன் கைப்பேசியில் படிவத்தைத் திறந்தாள். சட்டத்தை மீறுகிற பயம் விரல் நுனி வரை வந்தது. தன் சொந்தப் பெயரைப் போட்டு, மற்ற எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று போட்டு அனுப்பினாள். உடனே பச்சை நிறத்தில் பக்கம் வந்தது: 'நன்றி. உங்கள் விவரம் கிடைத்தது.'

"வந்துச்சா?"

"என்ன வந்துச்சா?"

"என் பேர்ல ஒண்ணு."

"இல்லையே அண்ணி. காலியாத்தான் இருக்கு."

கணினியில் படிவப் பக்கத்தின் உள்வரிகளைத் திறந்தாள். இவளுக்கு முன்னால் அந்தத் தளத்தைச் செய்தவர், நிரப்பிய விவரத்தை எங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பதற்கு முழு முகவரியையும் எழுதி வைத்திருந்தார். மூன்று டபிள்யூவோடு.

அது போதும் அவளுக்கு. மீதி தானாகப் புரிந்தது. நோயாளி அனுப்பும் விவரம் டபிள்யூ முகவரிக்குப் போகிறது. அங்கே அவளுடைய விதி நின்றுகொண்டு 'நிரந்தரமாக இடம் மாறிவிட்டது, அங்கே போ' என்கிறது. 301 என்ற எண்ணைக் கண்டால் பிரவுசருக்கு ஒரு பழைய பழக்கம். கொடுக்க வந்த பொட்டலத்தை வாசலிலேயே விட்டுவிட்டு, புது முகவரிக்கு வெறுங்கையோடு போய், பக்கத்தை மட்டும் கேட்டு நிற்கும். கூரியர்காரன் இடம் மாறிய பலகையைப் பார்த்து, பார்சலைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் புது வீட்டுக் கதவை மட்டும் தட்டிவிட்டுப் போவது போல. அந்தப் புது வீட்டிலும் ஒரு கோளாறு. முன்னவர் எழுதிய நிரல், கையில் விவரத்தோடு வந்தால் பதிந்துவிட்டு நன்றி சொல்லும். வெறுங்கையோடு வந்தாலும் கேள்வி கேட்காமல் அதே நன்றியைச் சொல்லும்.

சர்வரின் வருகைப் பதிவைத் திறந்தாள். காலையிலிருந்து அனுப்பியவர்கள் ஒவ்வொருவரும் அங்கே இருந்தார்கள். பெயராக அல்ல; எங்கிருந்து வந்தது என்று ஒரு எண்ணாகவும், எந்த வகைப் போன் என்பதாகவும் மட்டும். அனுப்பினார், 301. பிறகு கேட்டார், கிடைத்தது. என்ன எழுதி அனுப்பினார் என்பது எங்கேயும் தங்கவில்லை. இவளைத் தவிர்த்து ஆறு போன்கள். அதில் ஒன்று மூன்று தடவை அனுப்பியிருந்தது. விடிந்ததும் ஒன்று, கொஞ்சம் கழித்து ஒன்று, சற்று முன்பு ஒன்று.

மூன்றாவதைப் பார்த்ததும் அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். ஆனால் எழுந்து ஓடுவதற்கு முன்னால் ஓட்டையை அடைக்க வேண்டும்; இந்த நிமிஷமும் யாராவது அனுப்பிக்கொண்டிருக்கலாம். படிவத்தில் முழு முகவரியை வெட்டிவிட்டு, எந்தத் தளத்தில் இருக்கிறதோ அங்கேயே கொடுக்கும்படி மாற்றினாள். பழைய பக்கத்தை ஏற்கெனவே போனில் திறந்து வைத்திருப்பவர்கள் இன்னும் டபிள்யூவுக்குத்தான் அனுப்புவார்கள். அவர்களுக்காக விதியில் 301ஐ எடுத்துவிட்டு 308 என்று போட்டாள். அதுவும் நிரந்தர மாற்றம்தான். ஆனால் பொட்டலத்தைக் கீழே போடாமல் அப்படியே தூக்கிக்கொண்டு போகச் சொல்லும் எண். புதுப் பக்கத்திலிருந்து ஒன்று, பழைய பக்கத்திலிருந்து ஒன்று அனுப்பிப் பார்த்தாள்.

"ரெண்டு வந்துருச்சு அண்ணி. ரெண்டும் உன் பேரு. சிஸ்டர் பாத்தா உன்னைக் கொன்னே போடுவாங்க. என்ன பண்ற நீ?"

"டாக்டரை இருக்கச் சொல்லு. வர்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஸ்கூட்டரில் போய்ச் சேர்வதற்குள் சொல்ல வேண்டிய வார்த்தைகளைப் பல விதமாக அடுக்கிப் பார்த்தாள். எதுவும் நிற்கவில்லை. டாக்டரின் அறையில் தலைமை நர்ஸும் இருந்தார். அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள்: நேற்று நான் செய்த மாற்றத்தால் காலையிலிருந்து வந்த படிவங்கள் தொலைந்துவிட்டன, ஆறு பேர் அனுப்பியிருக்கிறார்கள், அனுப்பியவர்களுக்குக் கிடைத்துவிட்டது என்று பதில் போயிருக்கிறது, யார் என்று எனக்குத் தெரியாது, ஒருவர் மூன்று தடவை அனுப்பியிருக்கிறார்.

டாக்டர் முகத்தில் இருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை. நர்ஸ் கையிலிருந்த டம்ளரை மேசையில் வைத்தார். அவர் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. நேராக வெளியே போய் நாத்தனாரிடம், நாற்காலியில் இருக்கிறவர்களை விட்டுவிட்டு, மதிய முறையையும் நாளைய முறையையும் கூப்பிடச் சொன்னார். இருந்த எல்லாப் போனையும் எடுத்தார்கள். டாக்டர் தன் சொந்தப் போனில், நர்ஸ் அவருடையதில், நாத்தனார் மேசைப் போனில், இவள் தன்னுடையதில். ஒரே கேள்வி: காலையில் படிவம் அனுப்பினீர்களா, இப்போது எப்படி இருக்கிறது?

ஒவ்வொருவராக அகப்பட்டார்கள். ஒரு அம்மாவுக்குக் கணுக்கால் வீக்கம். மதியமே வரச் சொன்னார்கள். ஒரு பெரியவர் எடை கூடியதை எழுதியிருந்தார், மற்றபடி சுகம். வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர், "நன்றினு வந்துச்சே சார், அப்புறம் ஏன் கேக்குறீங்க?" என்று எரிந்து விழுந்தார். ஐந்து பேர் தேறினார்கள். யாரும் ஒரு தடவைக்கு மேல் அனுப்பவில்லை.

ஆறாவது ஆள் அகப்படவில்லை. இரண்டு எண்கள் மட்டும் எடுக்கவே இல்லை. அதில் ஒன்று சற்று நேரத்தில் திரும்பக் கூப்பிட்டது. பேருந்தில் இருந்தாராம், படிவம் எதுவும் அனுப்பவில்லையாம், நன்றாகத்தான் இருக்கிறாராம். அப்படியானால் மிச்சம் ஒருவர்தான். நாத்தனார் அட்டையைப் பார்த்துவிட்டுத் தலை நிமிர்ந்தாள்.

"தையல்காரர்" என்றாள். "தனியா இருக்கிறவர்."

வருகைப் பதிவில் பெயரில்லாமல் இருந்த அந்த மூன்று வரிகளுக்கு இப்போது ஒரு முகம் வந்துவிட்டது. சிகிச்சை முடிந்து போகும்போது நர்ஸுகளின் சீருடையில் பிரிந்த தையலைக் கண்டால் நிற்கவைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறவர். இவளும் இரண்டு தடவை பார்த்திருக்கிறாள். மறுபடி மறுபடி போன் போட்டார்கள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

டாக்டர், "வண்டியை எடுங்க" என்றார். ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் நர்ஸும் ஏறினார்கள். யாரும் கூப்பிடாமலே இவளும் ஏறினாள். இறங்கு என்று சொல்ல வாயெடுத்த நர்ஸ், இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆக்ஸிஜன் உருளையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். வழியில் ஒரு லாரி குறுக்கே நின்று சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் ஒலிப்பானிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அந்தக் காத்திருப்பில் அவளுக்கு ஒன்றே ஒன்று மட்டும் மண்டைக்குள் சுற்றியது. இரண்டாவது தடவை அனுப்பியபோதே அவருக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்திருக்கும். மூன்றாவது தடவை அனுப்பும்போது விரல் ஓடியிருக்குமா?

கடைக்கதவு பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனார்கள். தையல்காரர் துணி வெட்டும் மேசை விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கையையும் ஊன்றி முன்னால் குனிந்திருந்தார். படுத்தால் மூச்சு அடைக்கும் என்பதால் அப்படியே உட்கார்ந்திருந்திருக்கிறார். உதடு வெளிறி, ஒவ்வொரு மூச்சும் நெஞ்சுக்குள் தண்ணீர் கொப்பளிப்பது போலச் சத்தம் போட்டது. மூன்றாவது தடவை அனுப்பிவிட்டு வைத்த கைப்பேசி, கைக்கு எட்டாத அலமாரியில் சார்ஜில் கிடந்தது, ஒலி அணைக்கப்பட்டு. வாடிக்கையாளர்கள் துணி கேட்டு நச்சரிக்கிறார்கள் என்று அணைத்து வைத்தாராம், அது பிற்பாடு தெரிந்தது. இவர்களைப் பார்த்ததும் ஏதோ சொல்ல முயன்றார். வார்த்தை பாதியில் நின்றது.

"பேசாதீங்க, பேசாதீங்க" என்று நர்ஸ் முகமூடியை மாட்டினார். ஓட்டுநர் ஒரு பக்கமும் இவள் ஒரு பக்கமுமாகத் தாங்கி, உட்கார்ந்த நிலையிலேயே அவரை வண்டியில் ஏற்றினார்கள். அவருடைய விரல்கள் இவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தன. நிலையம் வரும் வரை விடவில்லை.

இயந்திரத்தில் இணைத்த பிறகும் டாக்டர் இதயத் துடிப்பைக் காட்டும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். உடம்பில் பொட்டாசியம் ஏறியிருந்தால் எந்த நிமிஷமும் எதுவும் நடக்கலாம் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். ஊசி போட்டார்கள். நீர் இறங்கத் தொடங்கியது. இவள் நடையில் சுவரோடு சாய்ந்து நின்றாள். நாத்தனார் வந்து பக்கத்தில் நின்றாள், வழக்கமான குத்தல் ஒன்றும் இல்லாமல். சிறிது நேரம் கழித்து, "வீட்டுக்குச் சொல்லவா அண்ணி?" என்று மட்டும் கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

மதியம் சாய்ந்தபோது டாக்டர் வெளியே வந்தார். ஆள் பிழைத்துவிட்டார், இன்னும் தாமதமாகியிருந்தால் சொல்வதற்கில்லை என்றார். பிறகு, இவள் எதிர்பார்த்த பேச்சு வந்தது.

"அதை எடுத்துடுங்க. பழையபடி ரெண்டு முகவரியும் திறக்கட்டும். தேடுபொறியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அன்றைக்கு மறுப்புச் சொல்ல அவளுக்கு வாய் இருந்ததா என்பதே சந்தேகம். ஆனாலும் சொன்னாள். "எடுத்தா இன்னும் குழப்பம் சார். நிரந்தரம்னு ஒரு தடவை சொன்னதை காலையில வந்தவங்க போன் ஞாபகம் வச்சுக்கும், நாம எடுத்தாலும் அதுபாட்டுக்குத் திருப்பும். ஒரே முகவரியா இருந்தது தப்பில்லை. போற வழியில பொட்டலம் விழுதானு நான் அனுப்பிப் பாக்கல. அதுதான் தப்பு. அதை இப்ப சரி பண்ணிட்டேன். இன்னொண்ணு பாக்கி இருக்கு. அதை முடிச்சதும் என்னை வேலையில வச்சுக்கிறதா வேண்டாமானு நீங்க முடிவு பண்ணுங்க."

டாக்டர், "சிஸ்டரைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார்.

நர்ஸ் தையல்காரரின் பக்கத்தில் இருந்தார். தையல்காரருக்கு முகமூடி எடுத்திருந்தது; முகத்தில் லேசாக நிறம் திரும்பியிருந்தது. அவள் நாற்காலி அருகே போய், யார் செய்ததால் அவருடைய படிவம் வந்து சேரவில்லை என்பதைச் சொன்னாள். அவருக்கு டபிள்யூவும் சர்வரும் புரிந்ததா என்று தெரியாது. கண்ணை மூடித் திறந்தார்.

"நன்றினு வந்துச்சும்மா" என்றார், மூச்சுக்கு மூச்சு இடைவெளி விட்டு. "சரி, பாத்துட்டாங்க, வண்டி வரும்னு உக்காந்துட்டேன்."

"அப்புறம் ஏன் மறுபடி அனுப்பினீங்க?"

"வரலியே. திரும்ப அனுப்பினேன். திரும்பவும் நன்றி. மூணாவது தடவையும் நன்றி." உதடு ஓரத்தில் ஒரு கோணல் சிரிப்பு வந்தது. "ஆள் அனுப்ப மாட்டாங்க, ஆனா மரியாதை தெரிஞ்சவங்கனு நெனச்சுக்கிட்டேன்."

நர்ஸ் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்தார். அவளால் சிரிக்க முடியவில்லை. தையல்காரர் போன் செய்யாமல் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் அந்தப் பச்சைப் பக்கம். திருப்பிவிட்டதால் படிவம் தொலைந்தது. அந்த நன்றியால் அவர் காத்திருந்தார்.

வரவேற்பு மேசையில் நாத்தனாரை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அந்த நன்றிப் பக்கத்தின் நிரலைத் திறந்தாள். விவரம் பதிவான பிறகே நன்றி. அதுவும் நோயாளியின் பெயரையும் அவர் எழுதிய எடையையும் திருப்பிக் காட்டி. வெறுங்கையோடு யார் வந்து நின்றாலும் சிவப்பில் ஒரே வரி: 'எங்களுக்கு எதுவும் வரவில்லை. உடனே போன் செய்யுங்கள்.' கீழே ஆம்புலன்ஸ் ஓட்டுநரின் எண். மேசைத் தொலைபேசியை நம்ப முடியாது என்பதால் அவரிடமே கேட்டு வாங்கினாள்.

எழுதி முடித்ததும் நர்ஸைக் கூப்பிட்டாள். "சிஸ்டர், ஒரு பொய்ப் படிவம் அனுப்பணும். இனிமே நான் எதை மாத்தினாலும் அனுப்பணும். சட்டத்தை நீங்கதான் மாத்தணும்."

நர்ஸ் அவளுடைய தோளுக்கு மேலாகக் குனிந்து, அவள் போனை வாங்கி, டபிள்யூ போட்ட முகவரியைத் தானே தட்டச்சுச் செய்தார். பக்கம் டபிள்யூ இல்லாத முகவரிக்குத் தாவி நின்றது. பெயர் இடத்தில் 'சோதனை' என்று எழுதினார். மூச்சு வாங்குகிறதா என்ற கேள்விக்கு வந்ததும் ஒரு கணம் நின்று, 'இல்லை' என்று போட்டு அனுப்பினார். பிறகு மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள்.

பெயர் வந்து விழுந்தது.

"இன்னொரு தடவை" என்றார் நர்ஸ். "இந்தத் தடவை ஒண்ணும் இல்லாம."

அவள் படிவத்தைத் தொடாமல், நன்றிப் பக்கத்தின் முகவரியை மட்டும் நேராகப் போட்டுத் திறந்து காட்டினாள். சிவப்பு வரி வந்தது. நர்ஸ் அதை வாய்விட்டு ஒரு தடவை படித்துப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு, தையல்காரரின் நாற்காலிப் பக்கம் நடந்தார். "நாளைக்கு ஒம்பது மணிக்கு வா" என்று போகிற போக்கில் சொன்னார். "அனுப்புற ஒவ்வொரு பக்கத்தையும் நான் கூட நின்னு பாக்கணும்."